வெள்ளி மதியத்தோடு மூடும் ரூபாய்

புத்தளம்–சிலாபம் வீதியில் முந்தலைக் கடந்து போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது களப்பும் உப்பளமும் இறால் பண்ணைகளும். ஆனால் வீடுகளின் அடுப்பு எரிவது பல இடங்களில் இவற்றால் மட்டும் அல்ல. முந்தல், உடப்பு, மதுரங்குளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ ஒரு மகன், ஒரு கணவர், ஒரு சகோதரி இருக்கிறார். கொஞ்சம் தெற்கே வென்னப்புவைப் பக்கம் போனால் அதே கதை இத்தாலியின் பெயரில் நடக்கிறது. மாதம் ஒருமுறை தொலைபேசி வரும்: “உம்மா, காசு போட்டுட்டேன். நாளைக்குப் போய்ப் பாருங்க.” உம்மாவின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ரேட் எவ்வளவுடா?”

அந்தக் கேள்விக்கான பதில், காசு எந்தக் கிழமை போடப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுகிறது. சனி, ஞாயிறில் அனுப்பும் காசுக்கு, வார நாளில் கிடைப்பதைவிடச் சில பத்துச் சதங்கள் குறைவாகவே பல நிறுவனங்கள் ரேட் போடுகின்றன. இதைக் கவனித்தவர்கள் குறைவு. பற்றுச்சீட்டில் அனுப்புக் கட்டணம் என்று ஒரு தொகை தனியாக அச்சாகியிருக்கும், அது எல்லா நாளும் ஒன்றுதான். மாறுகிற தொகை ரேட்டுக்குள் கரைந்திருப்பதால் அதை யாரும் கட்டணமாக எண்ணுவதில்லை.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கணக்கு எளிதாக இருக்க, கொழும்புச் சந்தையில் ஒரு டாலரின் நடு விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நடு விலை என்பது வங்கிகள் டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நட்ட நடுவில் இருப்பது. கட்டார் ரியால் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்பது ஆண்டுக் கணக்கில் மாறாத விகிதம். ஆகவே 300ஐ 3.64ஆல் வகுத்தால் ஒரு ரியாலின் நடு விலை 82 ரூபாய் 42 சதம். தோஹாவில் வேலை செய்யும் ஒருவர் 2,000 ரியால் அனுப்புகிறார். நடு விலையில் அது 1,64,835 ரூபாய்.

இந்த விலையை வாடிக்கையாளருக்கு யாரும் கொடுப்பதில்லை. புதன்கிழமை அவருக்கு 81.60 கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். வீட்டுக்குப் போவது 1,63,200. நடு விலைக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையில் 1,635 ரூபாய், கிட்டத்தட்ட 1 சதவீதம். இதைத்தான் மார்ஜின் என்கிறார்கள். அதே நிறுவனம் சனிக்கிழமை 81.00 கொடுத்தால் வீட்டுக்குப் போவது 1,62,000. மார்ஜின் 2,835 ரூபாய், அதாவது 1.72 சதவீதம். இரண்டு நாளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 1,200 ரூபாய். அனுப்புக் கட்டணம் 15 ரியால் என்றால் அதன் ரூபாய் மதிப்பும் ஏறத்தாழ இவ்வளவுதான். சனிக்கிழமை அனுப்பியவர் கட்டணத்தை இரண்டு தடவை கட்டியிருக்கிறார், ஒன்று பற்றுச்சீட்டில் தெரிந்து, மற்றது தெரியாமல். மாதாமாதம் சனிக்கிழமையே அனுப்புகிறவருக்கு இது ஆண்டுக்கு 14,400 ரூபாய். இந்த 60 சத வித்தியாசம் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டது. நிறுவனத்துக்கு நிறுவனம், மாதத்துக்கு மாதம் இது கூடும் குறையும். கணக்கின் வழி மட்டும் மாறாது.

ஏன் இப்படி என்பதற்கு வருவோம்.

இன்று காசு போய்ச் சேர்வதற்குக் கிழமை கிடையாது. இலங்கை வங்கிகளுக்கிடையே லங்காபே நடத்தும் உடனடிப் பரிமாற்ற வழி இரவு பகல், ஞாயிறு, போயா என்று பாராமல் இயங்குகிறது. தோஹாவில் சனி இரவு போட்ட காசு சில நிமிடங்களில் முந்தலில் ஒரு கணக்கில் விழுந்துவிடலாம். காசு போகும் பாதைக்கு விடுமுறை இல்லை. அந்தக் காசுக்கு விலை சொல்லும் சந்தைக்கு விடுமுறை உண்டு. முழு விஷயமும் இந்த இரண்டுக்கும் இடையிலான பொருத்தமின்மையில்தான் இருக்கிறது.

உலக நாணயச் சந்தை நியூயோர்க்கில் வெள்ளி மாலை 5 மணிக்கு மூடுகிறது. நம் நேரப்படி அது சனி அதிகாலை இரண்டரை, அங்கே குளிர்காலம் என்றால் மூன்றரை. பிறகு திங்கள் அதிகாலை நம் நாட்டில் விடியுமுன் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் திறக்கிறது. யூரோவுக்கும் பவுணுக்கும் டாலருக்கும் வார இறுதி என்பது இந்த நாற்பத்தெட்டு மணி நேரம். இலங்கை ரூபாயின் வார இறுதி இதைவிட நீளம். ரூபாயை வெளிநாட்டில் இரவு முழுக்க வாங்கி விற்கும் பெரிய சந்தை கிடையாது. அதன் விலை கொழும்பில், வங்கிகளின் கருவூலப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் டாலர் வாங்கி விற்கும்போது உருவாகிறது. அவர்கள் வெள்ளி பிற்பகல் எழுந்து போனால் திங்கள் காலை ஒன்பது மணி வாக்கில்தான் மறுபடி உட்காருவார்கள். தோஹா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கிருந்து பார்த்தால் ரூபாய் வெள்ளி நண்பகல் தாண்டியதும் மூடி, திங்கள் காலை ஆறரை ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. இடையில் அறுபது மணி நேரத்துக்கு மேல் ரூபாய்க்குப் புது விலை என்று ஒன்று இல்லை. திரையில் தெரிவது வெள்ளிக்கிழமையின் பழைய விலை.

இனி தோஹாவில் உள்ள நாணய மாற்று நிலையத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். அது கொழும்பில் ஒரு வங்கியோடு உடன்பாடு வைத்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் ரியாலை வாங்குகிறது, அதை டாலராக்குகிறது, டாலரைக் கொழும்பு வங்கிக்கு விற்று ரூபாய் பெறுகிறது, அந்த ரூபாய்தான் முந்தலுக்கு வருகிறது. வார நாளில் இந்த நான்கு படிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். இங்கே விற்றதை அங்கே உடனே வாங்கி ஈடுசெய்துகொள்ளலாம். சனிக்கிழமை முதல் படியும் கடைசிப் படியும் நடந்துவிடுகின்றன, நடுப்படி திங்கள் வரை தொங்குகிறது. வாடிக்கையாளருக்கு ரியாலுக்கு இவ்வளவு ரூபாய் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த ரூபாயை என்ன விலைக்கு வாங்கப் போகிறோம் என்பது நிலையத்துக்கே தெரியாது.

உடப்புக் கரையில் தோணிகள் வருமுன்னே மீனுக்கு விலை பேசச் சொன்னால் எந்த முதலாளியும் நேற்றைய விலையை அப்படியே சொல்லமாட்டார். கொஞ்சம் இறக்கித்தான் சொல்வார். நிலையமும் அதைத்தான் செய்கிறது. மேலே சொன்ன கணக்கில், திங்கள் காலை கொழும்பு வங்கி டாலருக்கு 300க்குப் பதில் 297 தான் தருகிறது என்றால் ஒரு ரியால் 81.59 ஆகிவிடும். சனிக்கிழமை 81.60 என்று வாக்குக் கொடுத்திருந்தால் நிலையத்துக்கு ரேட்டில் ஒரு சதமும் மிஞ்சாது, சிறு நஷ்டமே. 81.00 என்று சொல்லியிருந்தால் 59 சதம் கையில் நிற்கும். வார இறுதியில் அகலும் மார்ஜின் இந்த ஆபத்துக்கான மெத்தை.

இந்த ஆபத்து எவ்வளவு உண்மையானது என்று கேட்பவர்கள் 2023 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். பெப்ரவரி இறுதியில் வங்கிகள் ஒரு டாலரை 360 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தன. மார்ச் முதல் வாரத்தில் ரூபாய் திடீரென்று ஏறத் தொடங்கியது. மார்ச் 3 வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் 6ஆம் தேதி மெதின் போயா, வங்கிகளுக்கு விடுமுறை. செவ்வாய் 7ஆம் தேதி முதல், நாளொன்றுக்கு ரூபாய் எவ்வளவு அசையலாம் என்று இருந்த வரம்பை மத்திய வங்கி நீக்கியது. அந்த வாரம் முடிவதற்குள் டாலரின் விற்பனை விலை 330க்கும் கீழே போய்விட்டது. அந்த நீண்ட விடுமுறையில் ரூபாயை முன்கூட்டியே வாங்கி வைக்காமல் வெள்ளிக்கிழமை விலையை நம்பி ரேட் கொடுத்த எந்த நிலையமும் கைக்காசைப் போட்டுத்தான் முந்தலுக்கு ரூபாய் அனுப்பியிருக்க முடியும். அதற்கு ஓராண்டு முன்பு நிலைமை தலைகீழ். 2022 மார்ச் 7ஆம் தேதி, 200 ரூபாயை ஒட்டி நிறுத்திவைக்கப்பட்டிருந்த டாலரை மத்திய வங்கி தளரவிட்டது. சில வாரங்களில் டாலர் 300ஐ நோக்கிப் போனது. அந்த நாட்களில் விடுமுறைக்கு முன் வாக்குக் கொடுத்தவர்களுக்கு விடுமுறைக்குப் பின் எதிர்பாராத லாபம்.

இந்த இரண்டாவது வகை வாரத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். ரூபாய் ஏறினால் நிலையத்தைக் காப்பதற்காக வாடிக்கையாளர் மெத்தைக்குக் காசு கொடுக்கிறார். ரூபாய் இறங்கினால் வரும் லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது, கட்டிய மெத்தைக் காசும் திரும்பாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல, கொழும்பு வங்கியில் ரூபாயை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கின்றன. சனிக்கிழமை அனுப்பும் காசு அந்த இருப்பிலிருந்துதான் போகிறது. அந்த ரூபாய் வெள்ளிக்கிழமையே தெரிந்த விலைக்கு வாங்கப்பட்டது என்றால், அந்த அளவுக்கு ஆபத்து என்பதே இல்லை. மெத்தை இருக்கிறது, விழுவதற்கு இடமில்லை.

அப்படியானால் மிச்சத்துக்கு என்ன காரணம்? கூட்டம்தான் காரணம் என்பது என் கருத்து. வேலைத்தளத்திலிருந்து கம்பனி பஸ்ஸில் நகரத்துக்கு வர முடிவது விடுமுறை நாளில். அன்று வருகிறவர் ரேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் புதன்கிழமை வரமாட்டார், வரவும் முடியாது. இது விலை சொல்கிறவருக்கும் தெரியும். செயலி வந்த பிறகு பஸ் தேவையில்லை என்றாலும், சம்பளக் கணக்கைத் திறந்து பார்க்கவும் வீட்டோடு பேசி முடிவு செய்யவும் ஓய்வு கிடைப்பது அன்றுதான். பழக்கம் அதே நாளில் நிற்கிறது.

இங்கேதான் வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தனியான ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கட்டார், குவைத், சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சவூதி 2013இல் வியாழன்–வெள்ளியிலிருந்து இதற்கு மாறியது. வெள்ளி அங்கே விடுமுறை, கொழும்பிலோ முழு வேலை நாள். தோஹாவில் வெள்ளி காலை ஏழு மணிக்கு எழுந்தால் கொழும்பில் ஒன்பதரை, சந்தை நடந்துகொண்டிருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகுமுன் காசை அனுப்பிவிட்டால் அது வார நாள் காசு. தொழுது, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மாலையில் அனுப்பினால் அது வார இறுதிக் காசு. ஒரே விடுமுறை நாளின் இரண்டு பாதிகள் இவை.

ஞாயிறு இதற்கு நேர்மாறு. அங்கே வாரத்தின் முதல் வேலை நாள், நிலையங்கள் வழக்கம்போல் திறந்திருக்கும். சம்பளம் அன்று விழுந்தால் அன்றே அனுப்புவதுதான் இயல்பு. கொழும்பு மூடியிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. ஒரு நாள் பொறுத்துத் திங்கள் காலை எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு அனுப்பினால் புது விலை கிடைக்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி வெள்ளியை அரை நாளாக்கிவிட்டது. ஆகவே துபாயில் இருப்பவருக்கும் கொழும்புக்கும் காலண்டர் ஒன்றுதான், வெள்ளி முற்பகல் அவருக்கும் கடைசி வாய்ப்பு. இதற்கு மேல் நம் நாட்டுப் போயா இருக்கிறது. வெள்ளியிலோ திங்களிலோ போயா விழுந்தால் ரூபாயின் வார இறுதி ஒரு நாள் நீளும். அங்கே இருப்பவர் கையில் இலங்கைக் காலண்டர் இருக்காது. முந்தலில் சுவரில் தொங்குகிறது. “இந்த வெள்ளி போயாடா, வியாழனே போட்டுரு” என்று சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்தான்.

இத்தாலியிலிருந்து வரும் காசுக்கு ஆபத்து இரட்டிப்பு. ரியாலும் திர்ஹமும் டாலரோடு கட்டப்பட்டவை என்பதால் அசையக்கூடியது டாலருக்கும் ரூபாய்க்கும் இடையில் மட்டும். யூரோ டாலருக்கு எதிராகவும் அசையும், டாலர் ரூபாய்க்கு எதிராகவும் அசையும். திங்கள் காலை இரண்டும் ஒரே பக்கம் திரும்பலாம். ஆகவே யூரோவிலிருந்து வரும் காசுக்கு வார இறுதி மெத்தை தடிப்பாக இருப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஐரோப்பாவில் பலர் வைத்திருக்கும் ரெவலூட் இதை ஒளிக்காமல் செய்கிறது. நியூயோர்க் நேரப்படி வெள்ளி மாலை 5 முதல் ஞாயிறு மாலை 6 வரை நாணயம் மாற்றினால், சாதாரணக் கணக்குக்காரரிடம் 1 சதவீதம் கூடுதலாக எடுப்பதாக அறிவித்து வைத்திருக்கிறது. வாங்குவது பிடிக்காவிட்டாலும், எவ்வளவு, எப்போது என்பது முன்கூட்டியே தெரிகிறது. ரேட்டுக்குள் கரைத்து வாங்குகிறவர்களைவிட இது நேர்மை என்பேன்.

ஒரு நிறுவனம் வாரம் முழுக்க ஒரே ரேட் மாதிரி காட்டினால் அது மலிவு என்று அர்த்தமில்லை. சனிக்கான மெத்தையைச் செவ்வாய்க்கும் சேர்த்துப் போட்டிருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருக்கிறது. இலங்கை மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் டாலரின் கொள்வனவு விலையையும் விற்பனை விலையையும் தன் இணையதளத்தில் போடுகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு விலை. அதைக் கட்டார் ரியால் என்றால் 3.64ஆலும், சவூதி ரியால் என்றால் 3.75ஆலும், திர்ஹம் என்றால் 3.6725ஆலும் வகுக்க வேண்டும். வருவதற்கும் உங்களுக்குச் சொல்லப்படும் ரேட்டுக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் கொடுக்கும் மார்ஜின். குவைத் தினார் பல நாணயங்களின் கூடையோடு கட்டப்பட்டது என்பதால் இந்தக் குறுக்கு வழி அதற்கு ஒத்துவராது. இதை ஒரு புதன்கிழமையும், அடுத்த சனிக்கிழமையும் செய்து பாருங்கள். சனிக்கிழமை மத்திய வங்கியின் பக்கத்தில் வெள்ளிக்கிழமை விலைதான் இருக்கும், அதுவே சரியான அளவுகோல். சந்தையே அசையாத ஒரு நாளில் உங்கள் ரேட் மட்டும் இறங்கியிருந்தால், அந்த இறக்கம் சந்தையுடையது அல்ல.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொகை சிறிதானால் மார்ஜின் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. 500 ரியாலுக்கு மேற்சொன்ன 60 சதம் வெறும் 300 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவையோ பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தையோ அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. “அவசரத்துக்கு 500 இப்போது, மிச்சம் 1,500 திங்கள்” என்று பிரிப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. பிரித்தால் சனிக்கிழமை 500க்கு 300 ரூபாய் போகும், திங்களுக்கு இன்னொரு 15 ரியால் கட்டணம், ஏறத்தாழ 1,200 ரூபாய். மொத்தம் 1,500. முழுவதையும் சனிக்கிழமையே அனுப்பியிருந்தால் இழப்பு 1,200 தான். கட்டணமில்லாத சேவை என்றால் பிரிப்பது லாபம், கட்டணம் உண்டென்றால் அநேகமாக நஷ்டம். ரூபாய் கொந்தளிக்கும் மாதங்களில் திங்கள் வரை காத்திருப்பதும் ஒரு பந்தயமே. 60 சதத்தைக் காப்பாற்றப் போய் இரண்டு ரூபாயை இழக்கலாம். அமைதியான மாதங்களில் அந்தப் பயம் இல்லை.

ரூபாயாக மாற்றாமல் டாலராகவே இலங்கை வங்கிக் கணக்குக்கு அனுப்புவது மற்றொரு வழி. அப்போது மாற்றுவது இங்குள்ள வங்கி, காசு கணக்கில் சேரும் வேலை நாளின் கொள்வனவு விலையில். வார இறுதி மெத்தை இதில் வராது. ஆனால் இடைத்தரகு வங்கிகள் நடுவில் டாலர் கணக்கில் கட்டணம் வெட்டிக்கொள்ளும். பெரிய தொகைக்குத்தான் இது தாங்கும்.

உண்டியல்காரர் ஞாயிற்றுக்கிழமையும் நல்ல ரேட் தருவார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. சட்டத்துக்குப் புறம்பான அந்த வழியில் காசு சேராவிட்டால் போய்க் கேட்க இடமில்லை, கையில் சீட்டும் இல்லை. இருந்தும் மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2020இல் 710 கோடி டாலராக இருந்த, வங்கி வழியே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் 2022இல் 380 கோடிக்கு இறங்கியது. அதிகாரபூர்வ ரேட்டுக்கும் வெளி ரேட்டுக்கும் இடையே விழுந்த பள்ளம் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ரேட் சரியானதும் பணம் திரும்பி வந்தது. 2024இல் 650 கோடியைத் தாண்டியது. ரேட்டில் உள்ள சதங்களை மக்கள் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒன்றிய நாடுகளின் நாணயங்களுக்கிடையே அட்டையில் காசு மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் கடைசி அறிவிப்பு விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டம். அந்த வங்கியும் சனி, ஞாயிறில் விலை அறிவிப்பதில்லை. வெள்ளிக்கிழமை விலையே அளவுகோலாக நிற்கிறது, சட்டத்துக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. இலங்கைக்குக் காசு கொண்டுவரும் நிறுவனங்கள் எல்லாம் இங்குள்ள ஏதோவொரு வங்கியோடு உடன்பாடு செய்துதான் கொண்டுவருகின்றன, அந்த வங்கிகள் மத்திய வங்கியின் மேற்பார்வையில் இருக்கின்றன. மத்திய வங்கி கடைசியாக அறிவித்த நடு விலை இவ்வளவு, உங்களுக்குக் கொடுத்தது இவ்வளவு, வித்தியாசம் இத்தனை ரூபாய் என்று பற்றுச்சீட்டில் மூன்று வரி அச்சிட வேண்டும் என்பதை அந்த உடன்பாட்டின் நிபந்தனையாக்கலாம். சனிக்கிழமைச் சீட்டையும் புதன்கிழமைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் கணக்கு இயந்திரம் தேவைப்படாது.